காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் தேவை: டெங்குவை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

டெங்கு வந்த வீட்டுக்கு யார் போன் செய்தாலும் முதல் கேள்வி "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். அந்த எண் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் இன்னொரு எண் கண்ணில் படுவதில்லை. நோயாளி மதியத்திலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்பதும் படுவதில்லை. டெங்குவில் உயிர் போவது பெரும்பாலும் பிளேட்லெட் குறைந்ததால் அல்ல. ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசிந்து, ரத்த அழுத்தம் விழுந்து, அதை நேரத்துக்குக் கண்டுபிடிக்காமல் விட்டதால். அந்தக் கசிவு நடக்கும் ஒன்றிரண்டு நாட்களை எப்படி அடையாளம் காண்பது, அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை: நாளை எண்ணுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். டாக்டரைப் பார்த்த நாள் வேறு, டெஸ்ட் எடுத்த நாள் வேறு. உடம்பு சுட ஆரம்பித்த நாள்தான் முதல் நாள். ஞாயிறு இரவு காய்ச்சல் தொடங்கி, செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனால் அன்று மூன்றாம் நாள். "நேத்துலருந்துதான் காய்ச்சல்" என்று சும்மா சொல்லிவிட்டால், டாக்டர் போடும் கணக்கு முழுவதும் தப்பிப்போகும்.

நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், டெங்கு ஒரு ஒழுங்கோடு நடக்கிற நோய். முதல் இரண்டு முதல் ஏழு நாள் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலி. பிறகு காய்ச்சல் இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு இது நான்கிலிருந்து ஆறாம் நாளுக்குள் நடக்கும். சிலருக்குக் கசிவு வருவதும் இந்த நேரத்தில்தான். தொடங்கினால் 24 முதல் 48 மணி நேரம் ஓடும். அதற்குப் பிறகு கசிந்த நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும்.

ஆக, காய்ச்சல் விட்டது என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடும் நேரமும், உடம்பு ஆபத்துக்குள் நுழையும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. சாதாரண வைரஸ் காய்ச்சலில் உடம்பு குளிர்ந்தால் ஆளும் தெளிவார், பசி எடுக்கும். டெங்குவில் உடம்பு குளிர்ந்த பிறகும் ஆள் முன்பைவிடச் சோர்ந்து கிடந்தால், அது குணமாவதன் அடையாளம் இல்லை.

பரிசோதனை பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. முதல் ஐந்து நாட்களில் என்.எஸ்.1 பரிசோதனை உதவும்; அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். என்.எஸ்.1 நெகட்டிவ் என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, குறிப்பாக முன்பு ஒரு முறை டெங்கு வந்தவர்களுக்கு. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்துபோன பிறகு வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். அதனால் "போன தடவை வந்தப்ப ஒண்ணும் ஆகலையே" என்ற தைரியம் இங்கே உதவாது.

காய்ச்சல் நாட்களில் மருந்து

பாராசிட்டமால் ஒன்று போதும். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 25 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 250 முதல் 375 மில்லிகிராம் வரும். சிரப் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பழைய பாட்டிலின் அளவு புதிய பாட்டிலுக்குப் பொருந்தாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு கூடிவிடும். டெங்குவில் கல்லீரல் ஏற்கனவே அடிவாங்கியிருக்கிறது, கூடுதல் மருந்து அதை இன்னும் கெடுக்கும்.

காய்ச்சல் முழுவதுமாக இறங்கவில்லையே என்று வேறு மாத்திரை தேடாதீர்கள். மருந்துக்கடையில் "வலிக்கும் காய்ச்சலுக்கும் சேர்த்து" என்று தரப்படும் ஐபுபுரோஃபன், டைக்லோஃபெனாக், மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. இவை வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கும். ஆஸ்பிரின் பிளேட்லெட்டின் வேலையையும் கெடுக்கும். "ஒரு ஊசி போட்டா கேட்கும்" என்று இடுப்பில் போட்டுக்கொள்ளும் ஊசியும் வேண்டாம். பிளேட்லெட் குறைந்தவருக்குத் தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். இதய நோய்க்காக ஏற்கனவே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தானாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்துவிடலாம். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காய்ச்சல் அடிக்கும் நாட்களில் இவரைக் கடித்த கொசு, பிறகு வீட்டில் மற்றவர்களுக்கும் நோயைக் கொண்டுபோகும்.

நீராகாரம்: எவ்வளவு, எது, எப்படி

"நிறைய தண்ணி குடிக்கச் சொன்னாங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். நிறைய என்றால் எவ்வளவு? இலங்கையின் தேசிய டெங்கு வழிகாட்டி ஒரு நேரடியான கணக்குத் தருகிறது. வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்துக்குச் சுமார் 2,500 மில்லி. எடை 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் கிலோவுக்கு 50 மில்லி. குழந்தைகளுக்கு வேறு கணக்கு: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 20. அப்படிப் பார்த்தால் 25 கிலோ குழந்தைக்கு 1000, 500, 100 எல்லாம் சேர்த்து 1,600 மில்லி.

இதை மில்லியில் நினைவில் வைக்க முடியாது. அதனால் வீட்டு டம்ளரை ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் எத்தனை டம்ளர் வருகிறது என்று ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐந்து டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் 200 மில்லி. அப்போது பெரியவருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று டம்ளர், அந்தக் குழந்தைக்கு எட்டு டம்ளர். அந்த ஒரு டம்ளரிலேயே எல்லாம் கொடுங்கள், நோட்டில் ஒரு கோடு போடுங்கள்.

எதைக் கொடுப்பது என்பதும் அளவு போலவே முக்கியம். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து மயக்கம், குழப்பம் வரும். பாதிக்கு மேல் உப்பும் மாவுச்சத்தும் கலந்ததாக இருக்கட்டும்: உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, கஞ்சித் தண்ணீர், நீர்மோர், இளநீர், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ், ஓ.ஆர்.எஸ். இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது கஞ்சிதான். செலவில்லை, வயிற்றில் தங்கும், சாப்பாடு இறங்காதவருக்குக் கொஞ்சம் தெம்பும் கொடுக்கும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எத்தனை மில்லி தண்ணீருக்கு என்று எழுதியிருக்கும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் கலக்குவதுதான் வீட்டில் நடக்கும் பொதுவான தவறு; அளவு எப்படியும் தப்பும். முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் கலந்து, 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பான பழச்சுவை பானங்களும் குளிர்பானங்களும் இதற்கு ஈடாகாது. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு.

மாதுளை, பீட்ரூட், கருந்திராட்சை ஜூஸ், சாக்லேட் பானம் ஆகியவற்றை இந்த வாரம் தள்ளிவையுங்கள். கெடுதல் செய்யும் என்பதற்காக இல்லை. குடித்தது வாந்தியாக வந்தால் ரத்தமா ஜூஸா என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இதே காரணத்துக்காக, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அது மலத்தைக் கறுப்பாக்கும்.

குமட்டல் இருக்கிறவரிடம் முழு டம்ளரை நீட்டினால் குடித்ததும் வெளியே வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று ஸ்பூன் என்று கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு ஸ்பூனாகத் திரும்பத் தொடங்குங்கள். பொறுமைதான் போகும், ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு டம்ளர் உள்ளே போயிருக்கும்.

போதுமான அளவு போகிறதா என்பதைச் சிறுநீர் சொல்லும். விழித்திருக்கும்போது நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது, வெளிர்நிறத்தில் போக வேண்டும். நோட்டில் குடித்ததற்குப் பக்கத்தில் சிறுநீர் போன நேரத்தையும் எழுதுங்கள். அடர்மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனால் இன்னும் கொடுக்க வேண்டும். ஆறு மணி நேரம் போகவே இல்லையென்றால் கிளம்ப வேண்டும்.

அதிகமாகவும் திணிக்காதீர்கள். கசிவு நேரத்தில் அளவுக்கு மீறி உள்ளே போகும் நீர் நுரையீரலைச் சுற்றியும் வயிற்றிலும் போய்ச் சேரும். இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மேலே சொன்ன அளவு பொருந்தாது; சிறுநீரக நோயாளிக்கு இளநீரும் ஆபத்தாகலாம். சர்க்கரை நோயாளிகள் ஜூஸைத் தவிர்த்து மோரும் கஞ்சியுமாகக் குடித்து, சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளலாம். வாயால் நன்றாகக் குடிக்கிறவர், "தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு" வீட்டுக்கு வருவதில் பயனில்லை. டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலை என்றால், பக்கத்தில் ஆள் நின்று மணிக்கு மணி பார்க்க வேண்டிய நிலை அது.

இந்த அறிகுறி வந்தால் காத்திருக்க வேண்டாம்

காய்ச்சல் இறங்கும் நாளுக்கு முந்தைய நாளிலிருந்து, இறங்கி இரண்டு நாள் முடியும்வரை நோயாளியைத் தனியாக விடாதீர்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும், இரவு இரண்டு மணியானாலும், உள்நோயாளி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

முதலில் வயிற்று வலி. பசியால் வரும் லேசான வலி வேறு. இது விடாமல் வலிக்கும், தொட்டாலே கூசும், பெரும்பாலும் வலது விலாவுக்குக் கீழே. காய்ச்சல் விட்ட நாளில் குழந்தை "வயிறு வலிக்குது" என்று சுருண்டு படுத்தால் ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் வேளை இல்லை.

அடுத்தது வாந்தி: ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல், அல்லது குடித்தது எதுவுமே தங்காதது. பிறகு ரத்தக் கசிவு: ஈறு, மூக்கு, கறுத்த மலம், காபித்தூள் நிறத்தில் வாந்தி, மாதவிடாய் முன்கூட்டியே வருவது அல்லது வழக்கத்தைவிட மிக அதிகமாகப் போவது. கடைசியாகச் சொன்னதைப் பெண்கள் பலர் வெளியே சொல்வதில்லை. வீட்டில் உள்ளவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுந்தால் தலைசுற்றல், ஓயாத தூக்கக் கலக்கம், அல்லது அதற்கு நேர்மாறாக நிலைகொள்ளாமல் புரள்வது, மூச்சு வாங்குவது, வயிறு உப்புவது, கை கால் சில்லிட்டு வியர்ப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது. இவையெல்லாம் கசிவு முற்றுகிறது என்பதன் அடையாளங்கள். ஒரு சின்னப் பரிசோதனையை நீங்களே செய்யலாம். நோயாளியின் விரல் நுனியை இதய மட்டத்தில் பிடித்து ஐந்து வினாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானால் கிளம்புங்கள்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால், மேல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 110/70 என்றால் இடைவெளி 40, சரி. 100/80 என்றால் இடைவெளி 20. மேல் எண் சாதாரணமாகத் தெரிந்தாலும் அது அதிர்ச்சி நிலை, அதாவது ஷாக். இந்த நிலையிலும் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார் என்பதுதான் டெங்குவின் பெரிய ஏமாற்று வேலை. "நல்லாத்தானே பேசுறான்" என்று நினைத்து இழந்த மணி நேரங்களைத் திரும்பப் பெற முடியாது.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், உடல் பருமன், சர்க்கரை, சிறுநீரக, இதய நோய் உள்ளவர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் ஆகியோர் அறிகுறி வரும்வரை காத்திருக்கவே கூடாது. டெங்கு என்று தெரிந்ததும் அட்மிஷன் பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ரத்த அறிக்கையில் எதைப் பார்ப்பது

மூன்றாம் நாளுக்குள் முதல் ரத்தப் பரிசோதனை, பிறகு காய்ச்சல் விட்டு இரண்டு நாள்வரை தினம் ஒன்று, முடிந்தால் ஒரே லேபில். அறிக்கையில் மூன்று எண்கள் உங்களுக்குப் போதும்.

ஒன்று, வெள்ளை அணுக்கள். டெங்குவில் முதலில் குறைவது இதுதான். 5,000-க்குக் கீழே போனால், அடுத்த ஒரு நாளில் காய்ச்சல் இறங்கி ஆபத்துக் கட்டம் தொடங்கலாம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு, பிளேட்லெட். சில லேப் 1.05 லட்சம் என்று போடும், சில 1,05,000 என்று, சில 105 என்று போட்டுப் பக்கத்தில் 10³/µL என்று எழுதும். மூன்றும் ஒன்றே. 105 என்பதைப் பார்த்துவிட்டு வெறும் நூற்றைந்துதான் இருக்கிறது என்று பதறியவர்கள் உண்டு. திடீரென்று நம்ப முடியாத அளவு குறைந்திருந்தால், மாதிரியில் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெஷின் தவறாக எண்ணியிருக்கலாம். கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்று, யாரும் பார்க்காத எண். அறிக்கையில் PCV அல்லது HCT என்று இருக்கும். ரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு பங்கு சிவப்பணு என்பதை இது சொல்கிறது. நீர் கசிந்து வெளியேறினால் மிச்ச ரத்தம், அடுப்பில் விட்ட குழம்புபோலச் சுண்டி, கெட்டியாகும். இந்த எண் ஏறும். முதல் அறிக்கையில் இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம், ஏறினால் கசிவு தீவிரம். 36-லிருந்து 43-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு வந்துவிட்டது. முதல் அறிக்கையைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதனால்தான். ஒப்பிட அடிப்படை எண் வேண்டும். நோயாளி மோசமாகிக்கொண்டே போக, இந்த எண் மட்டும் இறங்கினால் அதற்கு வேறு அர்த்தம்: உள்ளே எங்கோ ரத்தம் போகிறது.

ஒரு வாரம் எப்படி நடக்கும்

வழக்கமான போக்கைக் காட்ட, எண்களை நானே அமைத்து ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒன்பது வயதுச் சிறுமி, 25 கிலோ.

ஞாயிறு இரவு காய்ச்சல். திங்கள் 103 டிகிரி, பாராசிட்டமால், கஞ்சி. செவ்வாய், மூன்றாம் நாள், முதல் ரத்தப் பரிசோதனை: வெள்ளை அணு 3,200, பிளேட்லெட் 1,48,000, பி.சி.வி. 36, என்.எஸ்.1 பாசிட்டிவ். எட்டு டம்ளர் கணக்கில் ஆறு டம்ளர் போகிறது, நான்கு முறை சிறுநீர். வீட்டிலேயே பார்க்கலாம் என்கிறார் டாக்டர். புதன்கிழமை காய்ச்சல் 101. பிளேட்லெட் 1,05,000, பி.சி.வி. 37.

வியாழன் காலை உடம்பு 98.8. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் சிறுமி எழுந்து விளையாடவில்லை, படுக்கையிலேயே கிடக்கிறாள். காலை அறிக்கையில் பிளேட்லெட் 62,000, பி.சி.வி. 41. "62 ஆயிரம் இருக்கே, பரவாயில்லை" என்று இங்கேதான் பலர் விட்டுவிடுவார்கள். பி.சி.வி. இரண்டு நாளில் 36-லிருந்து 41-க்கு ஏறியது கவனத்தில் வராது. அட்மிட் செய்திருக்க வேண்டிய நேரம் அதுதான். மாலையில் வயிற்று வலி, மூன்று வாந்தி, மதியத்துக்குப் பிறகு சிறுநீர் இல்லை, பாதம் ஜில்லென்று இருக்கிறது. மருத்துவமனையில் பிரஷர் 100/80, பி.சி.வி. 45. உடனே டிரிப்ஸ், அடிக்கடி நாடியும் பிரஷரும் பார்த்து அளவை மாற்றுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை பிளேட்லெட் 28,000, ஆனால் பி.சி.வி. 40-க்கு இறங்கிவிட்டது. சனிக்கிழமை பிளேட்லெட் 24,000. இதற்குள் சொந்தக்காரர்கள் பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடி வாட்ஸப்பில் தகவல் அனுப்பிவிட்டார்கள். சிறுமியோ இட்லி கேட்கிறாள், நிறைய சிறுநீர் போகிறாள், பி.சி.வி. 37. டாக்டர் டிரிப்ஸை நிறுத்துகிறார். ஞாயிறு 41,000, திங்கள் 88,000.

62,000 இருந்த வியாழக்கிழமைதான் அவள் உயிருக்கு ஆபத்து இருந்தது. 24,000 இருந்த சனிக்கிழமை ஆபத்து தாண்டிவிட்டது. பிளேட்லெட் அடிமட்டத்தைத் தொடுவது, கசிவு முடிகிற நேரத்தை ஒட்டி இருப்பது இந்த நோயில் சகஜம்.

அப்படியானால் பிளேட்லெட் எப்போது ஆபத்து?

சாதாரண அளவு ஒன்றரை முதல் நாலரை லட்சம். ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும்வரை அந்த எண்ணால் நேரடி ஆபத்து எதுவும் இல்லை. ஒரு லட்சத்துக்குக் கீழே போனால், ரத்தம் கசியும் என்று பயப்பட இன்னும் காரணமில்லை. கசிவுக் கட்டம் பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்கான மணியாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே டாக்டரிடம் நேரில் காட்ட வேண்டும். இலங்கையில் இந்த அளவிலேயே அட்மிஷன் சொல்வார்கள். எண்ணைவிட அது விழும் வேகம் முக்கியம்: ஒரே நாளில் பாதியாகக் குறைந்து, கூடவே பி.சி.வி. ஏறினால், அது எழுபதாயிரமாக இருந்தாலும் எச்சரிக்கை அறிகுறிதான்.

ஐம்பதாயிரத்துக்குக் கீழே அடிபடுவதும் ஊசியும் ஆபத்தாகும். மென்மையான பிரஷ், சவரம் வேண்டாம், பாத்ரூமுக்குத் துணையோடு போவது. இருபதாயிரத்துக்குக் கீழே மருத்துவமனையில் படுக்கையில்தான் இருக்க வேண்டும். அங்கும்கூட ரத்தக் கசிவு இல்லாமல் இருப்பவர்கள்தான் பெரும்பாலோர். பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கினால், ரத்தக் கசிவு இல்லாவிட்டாலும் பிளேட்லெட் ஏற்றலாமா என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். ரத்தம் கணிசமாகப் போய்க்கொண்டிருந்தால் எண் எதுவாக இருந்தாலும் ஏற்றுவார்கள். சில நேரம் பிளேட்லெட்டைவிட முழு ரத்தமே அவசரத் தேவையாக இருக்கும்.

எண்ணைக் கண்டதும் ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், பிளேட்லெட் இருபதாயிரமும் அதற்குக் கீழும் இருந்த, ஆனால் ரத்தக் கசிவு பெரிதாக இல்லாத பெரியவர்களிடம் ஒரு ஆய்வு நடத்தி 2017-ல் வெளியிட்டார்கள். முன்னெச்சரிக்கையாக ஏற்றியவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் ரத்தக் கசிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள் ஏற்றியவர்களுக்குத்தான் அதிகம். ஏற்றிய பிளேட்லெட்டும் டெங்குவில் சீக்கிரமே அழிந்துவிடும், அதோடு வரும் திரவம் நுரையீரலுக்குச் சுமை.

பப்பாளி இலைச்சாறு பற்றிக் கேட்பீர்கள். எண்ணைக் கொஞ்சம் சீக்கிரம் உயர்த்துவதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் உயிரைப் பறிக்கும் நீர்க் கசிவை அது நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. அதன் கசப்பு வாந்தியைக் கிளப்பினால், அது நோயின் வாந்தியா சாற்றின் வாந்தியா என்று தெரியாமல் போகும். நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கலாம். அதைக் குடித்தோம் என்பதற்காகக் கஞ்சியையும் ரத்தப் பரிசோதனையையும் குறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தேறும் நாட்கள்

கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும்போது சிறுநீர் தாராளமாகப் போகும், பசி எடுக்கும். உள்ளங்கை, பாதம் அரிக்கும். சிவந்த தோலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரியும். அரிப்பைப் பார்த்து ஒவ்வாமை என்று பயப்பட வேண்டாம். இந்தக் கட்டத்தில் குடிக்கச் சொல்லி வற்புறுத்துவதை நிறுத்துங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். இப்போது மூச்சு வாங்கினாலோ, படுத்தால் இருமல் வந்தாலோ நீர் அதிகமாகிவிட்டது என்று பொருள், உடனே காட்ட வேண்டும்.

பாராசிட்டமால் இல்லாமல் 48 மணி நேரம் காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், பி.சி.வி. நிலையாக இருக்கிறது, பிளேட்லெட் ஏறுமுகம் என்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒன்றரை லட்சத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்று தினமும் விரலிலும் கையிலும் குத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. டாக்டர் சொல்லும் நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். ஏழு நாளைத் தாண்டியும் காய்ச்சல் ஓடினால் டெங்குவோடு வேறொன்றும் இருக்கலாம். எலிக்காய்ச்சல், மலேரியா, ஸ்க்ரப் டைஃபஸ் ஆகியவையும் பிளேட்லெட்டைக் குறைக்கும், அவற்றுக்குத் தனி மருந்து உண்டு.

அசதி சில வாரம் இருக்கும். பள்ளிக்கும் வேலைக்கும் போகலாம், ஆனால் பிளேட்லெட் ஏறி முடியும்வரை விளையாட்டும் பளு தூக்குவதும் வேண்டாம். நிறுத்தி வைத்திருந்த ஆஸ்பிரின், குளோபிடோகிரெலை எந்த நாளில் திரும்பத் தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.